கூட்டுக்காரியின் பால்காய்ப்பை மறந்துபோனால் என்ன எழுதுவது?

"சார், என் கூட்டுக்காரி குவைத்துல நர்ஸ். ஏழு வருஷ சம்பளத்துல கருங்கல் பக்கம் வீடு கட்டி, போன வியாழக்கிழமை விடியக்காலம் பால்காய்ச்சினா. 'அம்மா இல்லல்லா, பால் பொங்கும்போ நீ பக்கத்துல நிக்கணும்'னு ஒரு மாசம் முன்னாடியே சொன்னா. நிப்பேன்னு சொன்னேன். சுத்தமா மறந்துட்டேன். சனிக்கிழமை ஸ்டேட்டஸ்ல போட்டோ பார்த்துதான் தெரிஞ்சுது, பக்கத்துல அவ சித்தி நிக்கா. ஒரு 'சாரி மக்கா' போட்டேன். 'பரவாயில்ல'ன்னு வந்துது, அவ்வளவுதான். இன்னும் பத்து நாள்ல திரும்பிப் போயிருவா. இப்படி ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், அனுப்பலாமா? 'மக்கா, உன் பால்காய்ப்புக்கு வர முடியாம போச்சு. அந்த வாரம் ஆபீஸ்ல ஆடிட்டு, ஓர்ம இல்லாம போச்சு. உனக்கு வெசனம் ஆயிருந்தா மன்னிச்சிரு, தப்பா எடுத்துக்காத. நீயும் ஒரு வார்த்த ஓர்மப்படுத்தியிருக்கலாம். ஒருநாள் கண்டிப்பா வாறேன்.'"

அனுப்ப வேண்டாம். நீங்கள் வருந்துவது எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தச் செய்தியில் அது இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் எடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஊரில் சின்னச் சின்ன மனக்கசப்புகளுக்கு ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். அதனால் உங்கள் ஐந்து வரியை முதலில் இலக்கணக்காரனாகவே பார்க்கிறேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

"வர முடியாம போச்சு." இதில் எழுவாய் யார்? யாரும் இல்லை. அடுத்து, "ஓர்ம இல்லாம போச்சு." இதிலும் யாரும் இல்லை. ஓர்மை தானாக எங்கோ கிளம்பிப் போய்விட்டது, நீங்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதுபோல இருக்கிறது. தமிழில் 'போ' என்ற துணைவினைக்கு இந்தக் குணம் உண்டு. பால் கெட்டுப்போச்சு, குடை தொலைஞ்சுபோச்சு, மின்சாரம் நின்னுபோச்சு என்கிறோம். நம் கைக்கு மீறி நடந்த ஒன்றைச் சொல்லத்தான் அது இருக்கிறது. குடைக்கும் பாலுக்கும் அது போதும். வாக்குக் கொடுத்த ஒருத்தி அந்த வாக்கை மறந்ததற்கு அது போதாது. 'விடு' என்ற துணைவினை வேறு மாதிரி. மறந்துவிட்டேன், மறந்துட்டேன் என்று சொல்லும்போது வினைமுற்றிலேயே 'ஏன்' விகுதி வந்து உட்கார்ந்துவிடுகிறது. செய்தது நான் என்று சொல் தானே ஒப்புக்கொள்கிறது.

உங்கள் கேள்வியைத் திரும்பப் பாருங்கள். என்னிடம் எழுதும்போது "சுத்தமா மறந்துட்டேன்" என்று நேராக எழுதினீர்கள். அவளுக்கு எழுதும்போது அது "ஓர்ம இல்லாம போச்சு" ஆகிவிட்டது. அந்நியனான என்னிடம் உண்மையைச் சொல்ல முடிந்தது. அவளிடம் வெட்கம் வந்து, கை தானாக மெத்தையான சொல்லைத் தேடிக்கொண்டது. இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். நம் குமரி மாவட்டத்தில் ஓர்மை என்ற அழகான சொல் இருப்பதே இதற்கு வசதியாகப் போய்விட்டது என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

'மறந்து தொலைச்சுட்டேன்' என்றும் எழுதிவிடாதீர்கள். விகுதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'தொலை' வந்தால் உங்கள் எரிச்சல் முன்னால் வந்து நிற்கும். படிக்கிறவள் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைமைக்கு வந்துவிடுவாள். "நான் எல்லாம் ஒரு மனுசியா", "என்னைச் செருப்பால அடி" போன்ற வரிகளுக்கும் இதே கதிதான். அதைப் படித்தவள் "சே, அப்படியெல்லாம் சொல்லாத" என்று எழுதியே தீர வேண்டும். நோகடிக்கப்பட்டவள் அவள், ஆறுதல் சொல்கிறவளும் அவளா?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கூட வேலை பார்த்த ஒரு நண்பர், தக்கலைக்காரர், அவருடைய அப்பாவுக்கு முதல் ஆண்டு நினைவு. மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நான் போகவில்லை. மறுநாள் பள்ளியில் பார்த்தபோது "ஓர்ம இல்லாம போச்சு ஓய்" என்றேன். "சரி சார்" என்றார். அதற்கு முன்னால் அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டதே கிடையாது, 'ஓய்' என்பதுதான் எங்களுக்குள் வழக்கம். அந்த 'சார்' ஏறக்குறைய ஒரு வருடம் நின்றது. கடைசியில் ஒரு நாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ்சுக்கு நிற்கும்போது, "உங்க அப்பாவுக்க நினைவு நாளை நான் மறந்துட்டேன். வீட்டுல உள்ள எல்லாருக்கும் சேர்த்து இலை போட்டு வச்சிருப்பியரு, நான் வரல" என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்ததும் "ஏறும் ஓய், சீட்டு போயிரும்" என்றார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அவள் அனுப்பிய "பரவாயில்ல" என்ன சொல்கிறது? என் கணக்கில் அது மன்னிப்பு இல்லை. வாசலில் நின்றபடி கதவை மெதுவாகச் சாத்துவது. எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்றால், பரவாயில்லைக்குப் பின்னால் இன்னொரு வரி வருகிறதா என்று பார்ப்பேன். "பரவாயில்லட்டி, ஆனா நீ ஒரு மனுசியா?" என்று ஏசியிருந்தால் நான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதவே மாட்டேன், நேரே போய் வீட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். ஏசுகிறவள் இன்னும் உங்களோடுதான் இருக்கிறாள். ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியவள் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறாள். ஆனாலும் நீங்கள் போட்டது நான்கு அசைச் செய்தி, அதற்கு அதைவிட நீளமான பதிலை அவள் எப்படித் தருவாள்? அந்தச் "சாரி மக்கா" போனது போனதுதான். இப்போது எழுதப்போவதுதான் முதல் மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னால் நீங்கள் ஒரு விஷயத்தில் தெளிவாக வேண்டும். நீங்கள் மறந்தது எதை? "உன் பால்காய்ப்புக்கு வர முடியாம போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். பால்காய்ப்புக்கு வராதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வியாழக்கிழமை வேலைநாள், அதிலும் விடியக்காலம். சொந்தக்காரர்களே சில பேர் பத்து மணிக்கு மேல் வந்து இட்லியைத் தின்றுவிட்டுச் சுருள் பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களில் யார் வராவிட்டாலும் அவளுக்கு அது பெரிய விஷயமில்லை. உங்களை அவள் கூப்பிட்டது விருந்துக்கு இல்லை. புது வீட்டில் முதல் அடுப்பு பற்றவைத்து, புதுப் பாத்திரத்தில் பால் ஊற்றி, அது பொங்கி விளிம்பு தாண்டி வழிகிற அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதற்குத்தான் கூப்பிட்டாள். இந்து வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும், பூசாரி வந்தாலும் பாதிரியார் வந்து மந்திரித்தாலும், நம் பக்கத்தில் அந்த நிமிடத்தில் எல்லாருக்கும் வாய் அடைத்துவிடும். அப்போது பக்கத்தில் அம்மா நிற்க வேண்டும். அம்மா இல்லை, அதனால் நீ நில் என்றாள்.

ஆக, நீங்கள் தவறவிட்டது ஒரு நிகழ்ச்சியை இல்லை, ஒரு இடத்தை. செய்தியில் அந்த இடம் வர வேண்டும். 'உன் விசேஷம்', 'உன் ஃபங்ஷன்' என்று பொதுவாக எழுதினால், எதைத் தவறவிட்டோம் என்பதுகூட இவளுக்குத் தெரியவில்லை என்றுதான் அவளுக்குப் படும். ஒருவர் நம்மை மறந்துவிட்டார் என்றால் நமக்கு முதலில் வருகிற எண்ணம் 'அவருக்கு நான் அவ்வளவு முக்கியமில்லை' என்பதுதான். உங்கள் தோழிக்கும் அதுதான் தோன்றியிருக்கும். நீ முக்கியம், நீ முக்கியம் என்று பத்து முறை எழுதினாலும் அது போகாது. அவள் ஒரு மாதத்துக்கு முன்னால் என்ன வார்த்தை சொன்னாள் என்பதை நீங்கள் அப்படியே திருப்பிச் சொன்னால் கொஞ்சம் போகும்.

இனி "உனக்கு வெசனம் ஆயிருந்தா". இந்த 'ஆ' விகுதிதான் செய்தியிலேயே மோசமான எழுத்து. ஆயிருந்தால் என்றால் ஆகாமலும் இருந்திருக்கலாம் என்று பொருள். ஏழு வருடச் சம்பளத்தில் கட்டிய வீட்டில், அம்மாவுக்குப் பதிலாக ஒருத்தியை நிற்கச் சொல்லி, அவளும் வராமல் போனால் வெசனம் ஆகுமா ஆகாதா என்று சந்தேகப்பட என்ன இருக்கிறது? அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். "தப்பா எடுத்துக்காத" என்பதையும் எடுங்கள். தப்பு நீங்கள் செய்தது. 'எடுத்துக்கொள்வது' அவள் செயல், நீங்கள் கண்டிப்பது அதைத்தான்.

"நீயும் ஒரு வார்த்த ஓர்மப்படுத்தியிருக்கலாம்" என்ற வரியை நான் வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த ஒரு வரி போதும், மீதி நான்கையும் கொன்றுவிடும். அவள் ஏன் முந்தின நாள் கூப்பிடவில்லை என்று நமக்குத் தெரியாது. வேலை நெரிசலில் முடியாமல் இருந்திருக்கலாம். இவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா என்ற நம்பிக்கையில் விட்டிருக்கலாம். இரண்டாவது என்றால் இந்த வரி அந்த நம்பிக்கையின் கன்னத்தில் அடிப்பது.

காரணத்துக்கு வருவோம். ஆடிட்டு உண்மைதான், நான் நம்புகிறேன். மறதிக்கு ஒரு இயல்பு உண்டு. நடந்ததை நினைவு வைத்திருப்பது வேறு, இனி செய்ய வேண்டியதைச் சரியான நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது வேறு. அவள் பேசியது, சிரித்தது, நீங்கள் நிப்பேன் என்றது எல்லாம் உங்கள் நினைவில் பத்திரமாக இருந்தன. ஆனால் வியாழக்கிழமை வந்தபோது அதைத் தட்டி எழுப்ப எதுவும் இல்லை. அன்றாட வழியில் அவள் வீடு இல்லை, சுவரில் அழைப்பிதழ் இல்லை, போனில் குறிப்பு இல்லை. வேலை நெருக்குகிற வாரத்தில் இப்படித் தட்டி எழுப்ப ஆளில்லாத காரியம்தான் முதலில் தவறும், அது மனதுக்கு எவ்வளவு பிடித்த காரியமாக இருந்தாலும். இதை உங்கள் நிம்மதிக்காகத்தான் சொல்கிறேன், நீங்கள் நெஞ்சில் ஈரம் இல்லாதவள் இல்லை. செய்தியில் இந்த விளக்கத்தை எழுத வேண்டாம். காரணத்துக்கு அங்கே ஒரே வாக்கியம்தான் இடம், அதுவும் ஒப்புக்கொண்ட பிறகு, அதுவும் உங்கள் தவறிலேயே போய் முடிகிற மாதிரி. 'ஆடிட்டு இருந்துது, அதனால மறந்துட்டேன்' என்றால் குற்றவாளி ஆடிட்டு. 'ஆடிட்டு இருந்துது, ஆனா நாளைக் குறிச்சு வைக்காம விட்டது நான்' என்றால் குற்றவாளி நீங்கள். 'ஆனா' எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தாலே ஒரு மன்னிப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று, "மன்னிச்சிரு". நாம் மன்னிப்பு என்றாலே இந்தச் சொல்தான் உயிர் என்று நினைக்கிறோம். இலக்கணப்படி அது ஏவல் வினை. நட, உட்கார், மன்னித்துவிடு. அவளுக்கு நீங்கள் ஒரு வேலை கொடுக்கிறீர்கள். 2016இல் அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கியும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மன்னிப்பை ஆறு கூறாகப் பிரித்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. இவற்றில் படிக்கிறவர்களிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது, அடுத்து ஈடுசெய்ய முன்வருவது. கடைசியில் நின்றது மன்னிக்கச் சொல்லிக் கேட்பதுதான், அது இல்லாமலே போகலாம் என்றுகூடச் சொன்னார்கள். அவர்கள் எடுத்தது வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் செய்த கணக்குத் தவறு பற்றிய கதை, கூட்டுக்காரிகளுக்கு நடுவே நடந்தது இல்லை. அதனால் அப்படியே தூக்கி இங்கே வைக்கமாட்டேன். ஆனால் நான் ஊரில் பார்த்ததும் அதேதான்.

அதனால் இந்த முறை மன்னிச்சிரு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதைக் கேட்டால் "சரி, மன்னிச்சாச்சு" என்று இன்னொரு பரவாயில்லை வரும்.

அப்புறம் ஈடு. இதில்தான் ஆர்வக்கோளாறு வரும். "இன்னொரு தடவை பால் காய்ச்சுவோமா, நான் வந்து நிக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள், போன வாரம் ஒருவர் இதேபோல ஒரு யோசனையோடு வந்தார். முதல் பால் ஒரு முறைதான் பொங்கும். அது போய்விட்டது, அதை நிரப்ப முடியாது என்று ஒத்துக்கொள்வதே பெரிய மரியாதை. நிரப்ப முடியாததை விட்டுவிட்டு, செய்ய முடிந்த சின்னது ஒன்றைச் சொல்லுங்கள். அதற்கு நாளும் நேரமும் இருக்க வேண்டும். "ஒருநாள் கண்டிப்பா வாறேன்" என்பதற்கு நம் ஊரில் வரமாட்டேன் என்று பொருள், உங்களுக்கே தெரியும்.

பத்து நாளில் கிளம்புகிறவளுக்கு என்ன தேவைப்படும் என்று யோசியுங்கள். லீவு முடிகிற கடைசி வாரத்தில் வெளிநாட்டு வேலைக்காரர்கள் வீட்டில் பெரிய வேலை பெட்டி கட்டுவதுதான். சிப்ஸ், தேங்காய் எண்ணெய், கருவாடு, மசாலாப் பொடி எல்லாவற்றையும் எடை பார்த்துக் கட்டி, திரும்ப அவிழ்த்து, ஒரு கிலோ குறைத்துத் திரும்பக் கட்டுவார்கள். அம்மா இருந்தால் அம்மா கூட உட்கார்ந்து செய்திருப்பார். அங்கே ஒரு ஆள் தேவை. அதைக் கேளுங்கள். பெரிய பரிசு எதுவும் இப்போது வேண்டாம், குத்துவிளக்கும் சுவர்க் கடிகாரமும் கடனைத் தீர்க்க வந்தது போலத் தெரியும். போகும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிப் போங்கள், குவைத்தில் அவளுக்கு அது எங்கே கிடைக்கும்?

இப்போது செய்தி. உங்கள் பேச்சுநடையிலேயே எழுதியிருக்கிறேன், சொற்களை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"மக்கா, நான் போட்ட சாரி பத்தாதுன்னு எனக்கே தெரியும். வியாழக்கிழமை விடிய உன் அடுப்புக்குப் பக்கத்துல நான் நின்னிருக்கணும். நிப்பேன்னு சொன்னது நான், மறந்ததும் நான்.

'அம்மா இல்லல்லா, நீ நிக்கணும்'னு நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஓர்மையிருக்கு. போட்டோல பால் பொங்குது, உன் பக்கத்துல சித்தி நிக்கா. ஏழு வருஷமா நைட் டூட்டி பார்த்து நீ கட்டின வீட்டுல அந்த நேரத்துல நான் இல்ல. அதை இனி என்னால சரிபண்ண முடியாது.

அந்த வாரம் ஆபீஸ்ல ஆடிட்டு இருந்துது, ஆனா நாளைக் குறிச்சு வைக்காம விட்டது நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு வீட்டைப் பார்க்க வரட்டா? இல்லன்னா நீ பெட்டி கட்டுற அன்னைக்குக் கூட இருந்து கட்டித் தாறேன். ரெண்டும் வேண்டாம்னு தோணுனாலும் சொல்லு, நான் வருத்தப்படமாட்டேன். உடனே பதில் போடணும்னு இல்ல."

நைட் டூட்டி என்று நான் ஊகித்து எழுதியிருக்கிறேன். அவள் வேலையில் உண்மையாக எது கஷ்டமோ அதைப் போடுங்கள். தெரியாததை அடித்துவிட்டால் அங்கேயே பொய் பிடிபடும். 'அந்த இடம் காலியா இருந்துது' என்று எழுதத்தான் எனக்கும் முதலில் கை போயிற்று. ஆனால் போட்டோவில் சித்தி நிற்கிறார். காலி என்று எழுதினால் நின்ற சித்தியை இல்லாமல் ஆக்கியது போலாகும். பார்த்ததை மட்டும் எழுதினால் போதும்.

நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்தால் இது உங்கள் ஐந்து வரியைவிட நீளம். இருந்தாலும் இதற்கு மேல் நீட்ட வேண்டாம். ஒரு போன் திரையில் ஒன்றிரண்டு முறை தள்ளிப் படித்து முடிக்கிற அளவு போதும். அதைத் தாண்டினால் மறுபடியும் உங்களைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

எப்படி அனுப்புவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரல் செய்தியாக வேண்டாம். குரலில் அழுகை வந்தால் அவளும் அழ வேண்டியிருக்கும், சுற்றி ஆட்கள் இருக்கும்போது அதைப் போட்டுக் கேட்கவும் முடியாது. எழுத்து என்றால் அவளுக்குத் தோன்றும்போது தனியாகப் படிக்கலாம், திரும்பப் படிக்கலாம். நேரே போன் செய்வது நல்லதுதான், ஆனால் அவள் அந்தக் கணத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். 'பரவாயில்ல' சொன்னவளுக்கு அந்த நெருக்கடி வேண்டாம். வாட்ஸாப்பில் அவள் பெயரைத் திறந்து வைத்துக்கொண்டு நேரடியாகத் தட்டாதீர்கள். அந்தப் பக்கம் அவள் திறந்திருந்தால் 'டைப் செய்கிறார்' என்று பத்து நிமிடம் தெரிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்ப்பது வேதனை. போனில் குறிப்பு எழுதுகிற இடத்தில் எழுதி, ஒரு இரவு வைத்திருந்து, காலையில் வாய்விட்டு ஒரு தடவை வாசித்துவிட்டு நகல் எடுத்துப் போடுங்கள். அனுப்பின பிறகு பிழை தெரிந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் திருத்தியது என்ற அடையாளம் பக்கத்தில் நிற்கும். அழித்தாலும் அழித்த தடம் நிற்கும், அது இன்னும் மோசம், என்ன எழுதி அழித்தாள் என்று அவள் யோசித்துக்கொண்டிருப்பாள். விடியக்காலம் அனுப்ப வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு அடங்கிய நேரம் நல்லது. ஸ்டேட்டஸில் அவள் படத்தோடு மன்னிப்புப் போடுவது, வகுப்புக் குழுவில் போடுவது, இதெல்லாம் ஊருக்குக் காட்டுவது. கூடாது.

நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. அப்போது என்ன செய்வது? ஒன்றும் செய்யக்கூடாது. "படிச்சியா?" என்று கேட்டால் 'உடனே பதில் போடணும்னு இல்ல' என்று எழுதியது பொய்யாகிவிடும். இரண்டு நாள் பொறுங்கள். வெள்ளிக்கிழமை வரை எதுவும் வராவிட்டால், சனிக்கிழமை நீங்களாகக் கிளம்பிப் போகவும் வேண்டாம், வரட்டா என்று கேட்டிருக்கிறீர்கள், அவள் வா என்று சொல்லவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் "நல்லபடியா போயிட்டு வா மக்கா" என்று ஒரு வரி போடலாம், அதில் மன்னிப்பைத் திரும்ப எடுக்க வேண்டாம். இந்த லீவிலேயே எல்லாம் நேராகிவிட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இருக்கிறது, அவளுக்கு இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் தக்கலை நண்பருக்கு ஒரு வருடம் ஆனது, அதில் பாதி என் தாமதம்.

வா என்று சொன்னால், நாகர்கோவிலிலிருந்து திங்கள்நகர் வழி போகிற பஸ்ஸில் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்புங்கள். 4 மணி என்றால் 4 மணிக்கு வாசலில் இருக்க வேண்டும், இந்த ஒரு நாள் மட்டும் நம் ஊர் நேரம் செல்லாது. உள்ளே போனதும் மன்னிப்புப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள், எழுதியாயிற்று. வீட்டைப் பாருங்கள். தரை என்ன கல், ஜன்னல் என்ன மரம், எந்த அறைக்கு எவ்வளவு ஆனது என்று அவள் சொல்லச் சொல்லக் கேளுங்கள். அடுக்களைக்குப் போனால் அவளே அன்றைக்கு நடந்ததைச் சொல்லக்கூடும். பால் எந்தப் பக்கம் வழிந்தது, யார் முதலில் குடித்தது, யார் அழுதது எல்லாம். இடையில் "ஐயோ, நான் இல்லாம போனேனே" என்று புகுந்துவிடாதீர்கள். அந்தக் கதை அவளுடையது, அது முழுசாக வரட்டும். ஏச ஆரம்பித்தால் ஏசி முடிக்கட்டும்.

செய்தியில் 'இனி மறக்கமாட்டேன்' என்று ஒரு வரி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். இப்போது உங்கள் வாக்குக்கு அவளிடம் மதிப்புக் குறைந்திருக்கிறது, புதிதாக இன்னொன்று கொடுத்து என்ன பயன். அதற்குப் பதிலாக இந்தப் பதிலை மூடியதும் போன் நாட்காட்டியில் போன வியாழக்கிழமையின் தேதியை எடுத்து, ஆண்டுதோறும் திரும்ப வருகிற மாதிரி குறித்து, ஒரு வாரம் முன்னால் ஒன்றும் முந்தின நாள் சாயங்காலம் ஒன்றுமாக இரண்டு மணி வையுங்கள். அடுத்த வருடம் அந்த நாளில் அவள் குவைத்தில் இருப்பாள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், நீங்கள் இங்கே காலை 6 மணிக்கு அழைத்தால் அங்கே 3.30. அதனால் எட்டரைக்கு மேல், டூட்டி இல்லையென்று தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள்.